வேறுபடுத்துக, கலந்துரையாடுக, நியாயப்படுத்துக: கேள்வியின் வினைச்சொல்லைப் பார்த்து விடை எழுதுவது எப்படி?

உயர்தரத்தில் வணிகப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்துக்கொண்டு கொழும்புக்கு வந்தவள் நான். வெள்ளவத்தையில் ஒரு போர்டிங்கில் தங்கி, கணக்கியல் தொழில்சார் பரீட்சை ஒன்றுக்குப் படித்தேன். வணிகச் சட்டத் தாளில் முதல் தடவை தவறிவிட்டேன். ஏனென்று எனக்கு விளங்கவேயில்லை. பங்குடைமை பற்றிய கேள்விக்கு மட்டும் மூன்று பக்கம் எழுதியிருந்தேன். எழுதியதில் ஒரு வரிகூடப் பிழையில்லை.

பக்கத்து றூம் அக்கா அந்தப் பரீட்சையை ஏற்கெனவே தாண்டியவர். "அ பகுதிக்கு என்ன எழுதினாய், ஆ பகுதிக்கு என்ன எழுதினாய், சொல்லு பார்ப்பம்" என்றார். சொன்னேன். பாதியிலேயே சிரித்துவிட்டார். "ஒரே விடையைத்தானே பிள்ளை மூன்று தரம் எழுதியிருக்கிறாய்!"

உண்மைதான். அ பகுதி வேறுபடுத்தச் சொன்னது, ஆ பகுதி கலந்துரையாடச் சொன்னது, இ பகுதி நியாயப்படுத்தச் சொன்னது. மூன்றுக்கும் நான் பங்குடைமையின் நன்மை தீமைகளையே வேறு வேறு ஒழுங்கில் எழுதி வைத்திருந்தேன். கேள்வியின் வினைச்சொல் விடையின் வடிவத்தைச் சொல்கிறது என்பதை அன்றைக்குத்தான் பிடித்தேன். எல்லா வினைச்சொற்களையும் இங்கே பட்டியல் போடப் போவதில்லை. அதிகம் புள்ளி போகும் இந்த மூன்றை மட்டும், ஒரே கதையை வைத்து, எழுதிக் காட்டுகிறேன்.

## 1. முதலில் கையில் இருக்க வேண்டிய தாள்கள்

முதலாவது, உங்கள் பரீட்சையின் வினைச்சொற் பட்டியல். ஏ.ஏ.டீ. ஸ்ரீ லங்கா பரீட்சைகளில் இது வினாத்தாளோடு இணைக்கப்பட்டே வரும். பட்டியலில் உள்ள பொருளின்படிதான் விடையளிக்க வேண்டும் என்று அறிவுறுத்தலிலும் சொல்லியிருப்பார்கள். பட்டயக் கணக்காளர் பரீட்சைகளிலும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. டிஸ்கஸ், அதாவது கலந்துரையாடுக, என்பதற்கு அதில் தரப்படும் பொருள், வாதத்தின் வழியாக விரிவாக ஆராய்தல் என்பது. நான் அந்தப் பக்கத்தை வருடக்கணக்காகப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. தாளின் கடைசியில் கிடக்கும் விளம்பரத்தைப் போல நினைத்துவிட்டேன்.

இரண்டாவது, கடந்தகால வினாத்தாள்களும் அவற்றின் மாதிரி விடைகளும். நிறுவனத்தின் இணையத்தளத்திலேயே இறக்கலாம், காசு இல்லை. உங்களுக்குச் செலவு அச்செடுப்பது மட்டுந்தான். முழுவதையும் அச்செடுக்க வேண்டாம். கடைசி நான்கு தாள்களின் மாதிரி விடைகளை மட்டும் இரு பக்கமாக எடுத்தால் போதும். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கடைக்குக் கடை விலை வேறு. பக்கத்துக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

உயர்தர மாணவர் இதை வாசித்தால், உங்களுக்கு இதைவிட நல்ல ஆவணம் ஒன்று இருக்கிறது. பரீட்சைத் திணைக்களம் பாடவாரியாக வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைதான் அது. புள்ளித் திட்டமும், பிள்ளைகள் எந்தக் கேள்வியில் எப்படிச் சறுக்கினார்கள் என்ற அவதானிப்பும் அதில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ரியூசன் குறிப்புகளில் இருக்கும் விடையை மாதிரி விடை என்று எண்ண வேண்டாம். அவை பாடத்தைச் சொல்லித்தரும் குறிப்புகள். அவற்றில் எல்லாமே "விளக்குக" வடிவத்தில்தான் இருக்கும். நான் மூன்று தரம் ஒரே விடையை எழுதியதற்கு, அந்தக் குறிப்பை அப்படியே மனப்பாடம் பண்ணியதுதான் காரணம்.

## 2. பேனையைத் தொடமுன் நான்கு விடயம் பார்க்கவும்

வாசிப்பு நேரம் என்று 15 நிமிடம் தந்தால் அதை இதற்குத்தான் செலவழிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் நான்கு விடயங்களைத் தேடுங்கள். வினைச்சொல் எது? அது எதன்மேல் பாய்கிறது? எத்தனை கேட்கிறார்கள்? எத்தனை புள்ளி?

இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "பங்குடைமையின் இரண்டு இயல்புகளைக் கலந்துரையாடுக" என்றால் வினை இயல்புகளின்மேல் பாய்கிறது. "கம்பனியாக மாறுவது பொருத்தமா எனக் கலந்துரையாடுக" என்றால் ஒரு முடிவின்மேல் பாய்கிறது. சொல் ஒன்றுதான். ஆனால் முதலாவதற்கு இரண்டு பக்கமும் பேச ஒன்றுமில்லை. இயல்பைச் சொல்லி, அதனால் விளைவது என்ன என்று விரித்தால் போதும். இரண்டாவதற்கு இரண்டு பக்கமும் பேசாவிட்டால் பாதிப் புள்ளி போய்விடும்.

தமிழ் மொழிமூலத்தில் எழுதுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. "வேறுபடுத்துக" என்று ஒரு தாளில் வந்தது இன்னொரு தாளில் "வேறுபாடுகளைத் தருக" என்று வரும். கலந்துரையாடுக என்பதற்குப் பதில் சில இடங்களில் ஆராய்க என்று இருக்கும். பட்டியலில் பார்த்துப் பொருத்திக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்குச் சிக்கல் மறுவளம். டிஸ்கஸ் என்றதும் நம் காதில் "அதைப் பற்றிக் கொஞ்சம் கதையுங்கோ" என்றுதான் விழுகிறது. கதைத்துக்கொண்டே போய்விடுவோம். எந்த மொழிக்கு விண்ணப்பித்தீர்களோ அந்த ஒரே மொழியில் எழுத வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். நடுவில் சொல் வராவிட்டால் மற்ற மொழிக்குத் தாவக்கூடாது.

இனிக் கதைக்கு வருவோம். நானே உருவாக்கிய கேள்வி இது. நடை மட்டும் பரீட்சையில் வருவதைப் போல.

நண்பர்கள் இருவர் புறக்கோட்டை கெய்சர் வீதியில் புடவை மொத்த வியாபாரத்தை ஆறு வருடமாகப் பங்குடைமையாக நடத்துகிறார்கள். ஒருவருக்குத் தெஹிவளையில் சொந்த வீடு இருக்கிறது. மற்றவருக்குச் சொத்து எதுவும் இல்லை. இறக்குமதியாளர்களிடம் 80 இலட்சம் ரூபாவுக்குக் கடனுக்குச் சரக்கு எடுக்க எண்ணுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் 50 இலட்சம் போடத் தயார், ஆனால் வியாபாரத்தை நடத்தும் வேலையில் தலையிட விரும்பவில்லை.

(அ) பங்குடைமையையும் வரையறுத்த தனியார் கம்பனியையும் வேறுபடுத்துக. 4 புள்ளி.
(ஆ) இவர்கள் தமது வியாபாரத்தைக் கம்பனியாக மாற்றுவது பொருத்தமா எனக் கலந்துரையாடுக. 8 புள்ளி.
(இ) இவர்கள் கம்பனியாக மாறத் தீர்மானித்துவிட்டார்கள் எனக் கொண்டு, அத்தீர்மானத்தை நியாயப்படுத்துக. 4 புள்ளி.

## 3. வேறுபடுத்துக: ஒரே அளவுகோலில் இரண்டையும் நிறுத்தவும்

நான் முதல் தடவை எழுதியது இப்படி: "பங்குடைமை என்பது இலாப நோக்கோடு ஆட்கள் சேர்ந்து நடத்தும் வியாபாரம். பங்காளரின் பொறுப்பு வரையறையற்றது. கம்பனி என்பது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்படுவது. அது தொடர்ந்து நிலைக்கும்."

எல்லாம் சரி. ஆனால் வேறுபாடு எங்கே? பங்குடைமைக்குப் பொறுப்பைச் சொன்னேன், கம்பனிக்குச் சொல்லவில்லை. கம்பனிக்கு நிலைப்பைச் சொன்னேன், பங்குடைமைக்குச் சொல்லவில்லை. இரண்டு பொருளைத் தராசில் வைக்கச் சொன்னால், ஒன்றை இன்றைக்கும் மற்றதை நாளைக்கும் நிறுத்த மாதிரி. திருத்துபவர் எனக்காக உட்கார்ந்து சோடி சேர்த்துத் தரப் போவதில்லை.

ஆகவே முதலில் அடிப்படையைப் பெயர் சொல்லி எழுதுங்கள். அதன்பின் அந்த அடிப்படையில் இரண்டும் எப்படி என்று சொல்லுங்கள்.

"பொறுப்பு: பங்குடைமையில் வியாபாரக் கடனுக்குப் பங்காளர்களின் சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். தனியார் கம்பனியில் பங்குதாரரின் பொறுப்பு, அவர் தமது பங்குகளுக்குச் செலுத்த ஒப்புக்கொண்ட தொகையோடு நின்றுவிடும்."

"சட்ட ஆளுமை: பங்குடைமை பங்காளர்களிலிருந்து வேறான ஒரு சட்ட ஆள் அல்ல. கம்பனி, பங்குதாரர்களிலிருந்து வேறான சட்ட ஆள். தன் பெயரிலேயே சொத்து வைத்திருக்கவும் வழக்கிடவும் முடியும்."

4 புள்ளிக்கு இது போதும். மாதிரி விடைகளை எண்ணிப் பார்த்தபோது, முழுமையான ஒரு சோடிக்கு 2 புள்ளி என்ற கணக்குத்தான் எனக்குப் பெரும்பாலும் பொருந்தியது. அதற்குமேல் மூன்றாவது வேண்டுமென்றால் நிலைப்பை எழுதலாம். பங்காளர் ஒருவர் இறந்தால், வேறு உடன்படிக்கை இல்லாவிட்டால், பங்குடைமை கலையும். பங்குதாரர் இறந்தாலும் கம்பனி இருக்கும்.

இங்கே இரண்டு பொறி. ஒன்று, ஒற்றுமைகளை எழுதுவது. "இரண்டும் இலாப நோக்கமுடையவை" என்பதற்கு இங்கே புள்ளி இல்லை. ஒப்பிடுக என்று கேட்டால்தான் ஒற்றுமைக்கும் இடம். மற்றது, வெறுமனே "இல்லை" போடுவது. "கம்பனிக்குச் சட்ட ஆளுமை உண்டு, பங்குடைமைக்கு இல்லை" என்பதோடு நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்தது. அது இருப்பதால் என்ன நடக்கிறது என்று ஒரு துண்டு சேர்க்க வேண்டும்.

அட்டவணை போடலாமா என்று பலர் கேட்பார்கள். போடலாம், சோடி தானாக அமையும். ஆனால் பெட்டிக்குள் ஒற்றைச் சொல்லைப் போட்டு மூடாதீர்கள். நான் ஒருமுறை ஒரு பெட்டியில் "வரையறுத்த", பக்கத்துப் பெட்டியில் "வரையறையற்ற" என்று எழுதிவிட்டு வந்தேன். எது வரையறுத்தது என்று நானே பிறகு யோசித்தேன்.

கவனித்தீர்களா, இந்தப் பகுதியில் கெய்சர் வீதி வரவேயில்லை. கேள்வி பொதுவாகத்தான் கேட்டது. நண்பர்களின் கதையை இங்கே இழுத்தால் நேரம் மட்டுந்தான் போகும். கதை அடுத்த பகுதிக்கு வேண்டும்.

## 4. கலந்துரையாடுக: இரண்டு பக்கமும் பேசி, எங்கே சாய்கிறது என்று சொல்லவும்

மூன்றிலும் அதிகம் புள்ளி போவது இதில்தான். காரணம், எவ்வளவு எழுதினாலும் எழுதியது போலத் தோன்றும். நான் எழுதியது நன்மைகள் ஐந்து, தீமைகள் ஐந்து, வரிசையாக. அது பட்டியல். கலந்துரையாடலில் ஒரு பக்கத்துக் கருத்தும் மறுபக்கத்துக் கருத்தும் ஒன்றையொன்று தொட வேண்டும். "அப்படியானால் இது என்ன ஆகும்?" என்று ஒன்று மற்றதைக் கேட்க வேண்டும்.

கெய்சர் வீதி நண்பர்களுக்கு எதெல்லாம் பேசக் கிடக்கிறது என்று பார்ப்போம்.

மாறலாம் என்ற பக்கத்தில் முதலாவது, தெஹிவளை வீடு. 80 இலட்சம் கடனுக்குச் சரக்கு எடுத்து, அது விற்காமல் தேங்கினால், பங்குடைமையில் கடன்காரர் வீடு வரைக்கும் வரலாம். மற்றவரிடம் எதுவும் இல்லாததால் முழுச் சுமையும் வீட்டுக்காரரின் தலையில்தான் விழும். இரண்டாவது, வெளிநாட்டு உறவினர். அவரைப் பங்காளராகச் சேர்த்தால், தலையிடாமல் இருந்தாலும் கடனுக்குப் பொறுப்பாளி ஆவார். கம்பனியில் பங்குகளை வாங்கிக்கொண்டு ஒதுங்கி இருக்கலாம், நிருவாகத்தைப் பணிப்பாளர்கள் பார்ப்பார்கள். தனியார் கம்பனியில் பங்குதாரர் 50 பேர் வரை இருக்கலாம் என்பதால் மூன்றாமவர் வருவதில் தடையும் இல்லை.

வேண்டாம் என்ற பக்கத்தில், செலவும் கடதாசி வேலையும். கம்பனிப் பதிவாளரிடம் பதிவு, கம்பனிச் செயலாளர், ஒவ்வொரு வருடமும் ஆண்டு அறிக்கை. இரண்டு பேர் கடையில் உட்கார்ந்து பேசி முடிக்கும் விடயத்துக்கு இனித் தீர்மானம் எழுதி வைக்க வேண்டும்.

இந்த இடத்தோடு நிறுத்தினால் இன்னும் பட்டியல்தான். கலந்துரையாடல் தொடங்குவது இனித்தான். வீட்டைக் காப்பாற்றக் கம்பனி என்றோம். ஆனால் சின்னக் கம்பனிக்கு வங்கி கடன் கொடுக்கும்போது பணிப்பாளர்களிடம் தனிப்பட்ட உத்தரவாதம் கேட்பது வழக்கம். பெரிய சரக்குக் கடனுக்கு இறக்குமதியாளரும் கேட்கலாம். வீட்டுக்காரர் அதில் கையெழுத்து வைத்தால், அந்தக் கடனைப் பொறுத்தவரை வரையறுத்த பொறுப்பு பெயரளவில்தான். இன்னொன்று: கம்பனியாக மாறினால் பழைய பங்குடைமைக் கடன்களிலிருந்து தானாக விடுதலை கிடைக்காது. ஆகவே வீட்டுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, இனிமேல் உத்தரவாதம் இல்லாமல் எடுக்கும் கடனுக்கு மட்டுந்தான்.

அதற்கு மறுபடியும் ஒரு பதில் இருக்கிறது. உறவினரின் 50 இலட்சம் வந்தால் கடனுக்கு எடுக்க வேண்டிய சரக்கு குறையும். அப்போது உத்தரவாதம் கேட்குமளவுக்குக் கடன் பெருக்காது. இரண்டு கருத்தும் ஒன்றையொன்று தொட்டுவிட்டன. இதற்குத்தான் 8 புள்ளி.

தாளில் எழுதும்போது நான் இப்போது நான்கு சிறு பந்திகளாகப் பிரிக்கிறேன். சார்பாக இரண்டு கருத்து, கதையின் தகவலோடு. எதிராக ஒன்று, அதையும் கதையோடு. பின் அவை மோதும் இடம். கடைசியாகச் சாய்வு. சாய்வுப் பந்தி இப்படி இருக்கலாம்:

"வரையறுத்த பொறுப்பினால் கிடைக்கும் பாதுகாப்பு தனிப்பட்ட உத்தரவாதத்தால் குறையக்கூடும். எனினும் நிருவாகத்தில் ஈடுபடாத உறவினரின் முதலீட்டைப் பெறுவதற்குக் கம்பனி அமைப்பே பொருத்தமானது. ஆகவே உறவினரின் முதலீடு உறுதியாயின் மாறுவது பொருத்தம். அது இல்லாவிடில் மேலதிகச் செலவுக்கேற்ற பயன் இவர்களுக்குக் குறைவு."

"உறுதியாயின்" என்ற சொல்லைப் பாருங்கள். சாய்வு என்பது கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கம் விழுவது அல்ல. எந்த நிபந்தனையில் சாய்கிறது என்று சொன்னால் விடை வலுக்கும். ஆனால் "இரண்டிலும் நன்மையும் உண்டு தீமையும் உண்டு, நிலைமையைப் பொறுத்தது" என்று முடிப்பது நிபந்தனை அல்ல, நழுவல். எந்த நிலைமை, எதைப் பொறுத்தது என்று எழுதாவிட்டால் அந்த வரியை எழுதாமலே விடலாம்.

எழுதியது கலந்துரையாடலா பட்டியலா என்று கண்டுபிடிக்க ஒரு சின்னப் பரிசோதனை செய்வேன். என் பந்திகளின் வரிசையை மனதில் மாற்றிப் பார்ப்பேன். எந்த வரிசையில் வைத்தாலும் வாசிக்க முடிகிறதென்றால் அது பட்டியல். "எனினும்", "ஆனால் இங்கே", "அவ்வாறாயின்" போன்ற சொற்கள் இல்லாத விடையும் பெரும்பாலும் பட்டியல்தான். அதற்காக அந்தச் சொற்களைத் தெளித்துவிட்டால் கலந்துரையாடல் ஆகிவிடாது. ஒருமுறை நான் அதையும் செய்து பார்த்தேன், பலிக்கவில்லை.

பெயர்ச்சொல்மேல் பாயும் "கலந்துரையாடுக" பற்றி முதலில் சொன்னேன் அல்லவா? "கம்பனியின் இரண்டு அனுகூலங்களைக் கலந்துரையாடுக" என்று வந்தால் இந்த நான்கு பந்தி வேலை வேண்டாம். பிரதிகூலம் எழுதினால் புள்ளி இல்லை. அனுகூலத்தைச் சொல்லி, எப்படி அனுகூலமாகிறது, எவ்வளவு தூரம் உண்மை என்று விரித்தால் போதும்.

## 5. நியாயப்படுத்துக: முடிவு எடுத்தாயிற்று, இனித் தாங்கிப் பிடிக்கவும்

இங்கே வாதத்தின் திசை மாறுகிறது. மாறலாமா என்ற கேள்வி முடிந்துவிட்டது. நண்பர்கள் மாறிவிட்டார்கள். நீங்கள் அவர்களுடைய சட்டத்தரணி மாதிரி. மறுபக்கத்துக்குச் சம இடம் கொடுத்தால், உங்கள் கட்சிக்காரரை நீங்களே கவிழ்ப்பதாகிவிடும். கலந்துரையாடுக எழுதி முடித்த சூட்டில் பலர் இதிலும் "எனினும் சில தீமைகளும் உண்டு" என்று இழுத்துவிடுகிறார்கள்.

இன்னொரு பிழை, பொதுவான நன்மைகளை அடுக்கிவிட்டு வருவது. "வரையறுத்த பொறுப்பு ஒரு நன்மையாகும்" என்பது எந்தக் கம்பனிக்கும் பொருந்தும். அதனால் இந்த நண்பர்களின் முடிவு நியாயமாகிவிடுமா? நியாயப்படுத்தலின் ஒவ்வொரு காரணத்துக்கும் "இவர்களுக்கு ஏன்?" என்ற கேள்விக்கு விடை இருக்க வேண்டும். நான் "ஏனெனில்" என்ற சொல்லைப் போட்டு, அதற்குப் பின்னால் கதையிலிருந்து ஒரு தகவல் வருகிறதா என்று பார்ப்பேன்.

"கம்பனியாக மாறும் தீர்மானம் நியாயமானது. ஏனெனில் முதலீடு செய்ய விரும்பும் உறவினர் நிருவாகத்தில் ஈடுபட விரும்பவில்லை. பங்குடைமையில் அவர் வரையறையற்ற பொறுப்பை ஏற்க நேரிடும். கம்பனியில் தமது 50 இலட்சத்துக்கு மேல் இழக்க வேண்டியதில்லை. மேலும் பங்காளர்களில் ஒருவருக்கு மாத்திரமே சொத்து இருப்பதால், நட்டம் ஏற்படின் சுமை சமமாகப் பகிரப்படாது. கம்பனி அமைப்பில் இருவரின் இழப்பும் அவரவர் முதலீட்டோடு வரையறுக்கப்படும். பதிவுக்கும் ஆண்டு அறிக்கைக்கும் ஏற்படும் செலவு, பெறப்போகும் 50 இலட்சம் மூலதனத்தோடு ஒப்பிடுகையில் சிறியது."

கடைசி வரியைக் கவனியுங்கள். மறுபக்கத்தை நான் முழுக்க மறைக்கவில்லை. மிக இலகுவாகக் கேட்கப்படக்கூடிய எதிர்ப்பை ஒரே வரியில் எடுத்து, ஏன் அது முடிவை மாற்றாது என்று சொல்லி மூடிவிட்டேன். நியாயப்படுத்தலில் எதிர்ப்பக்கத்துக்கு இவ்வளவுதான் இடம்.

இந்தச் சொல் இன்னொரு உருவத்திலும் வரும். "இக்கூற்று சரியா? உமது விடையை நியாயப்படுத்துக." அப்போது முடிவை நீங்களே எடுக்க வேண்டும். முதல் வரியிலேயே சரி அல்லது பிழை என்று எழுதுங்கள். ஆனால் சரி, பிழை சொல்வதற்குப் புள்ளி மிகச் சொற்பம், மிச்சம் காரணத்துக்குத்தான். கணக்கு வினாவோடு வந்தால் காரணம் என்பது நீங்கள் கணித்த எண்தான். இரண்டு திட்டங்களின் தேறிய இலாபத்தைக் கணித்துவிட்டு "முதலாவது திட்டம் சிறந்தது" என்று மட்டும் எழுதினால் நியாயப்படுத்தல் நடக்கவில்லை. எத்தனை ரூபா வித்தியாசம் என்று அந்த வரியிலேயே எண்ணைப் போடுங்கள். திருத்துபவர் மூன்று பக்கம் பின்னால் போய்த் தேடமாட்டார்.

## 6. நேரம்: புள்ளிக்கு 1.8 நிமிடம்

3 மணித்தியாலத் தாள், 100 புள்ளி என்றால் 180 நிமிடத்தை 100 ஆல் பிரிக்க ஒரு புள்ளிக்கு 1.8 நிமிடம். நம் கேள்வியில் அ பகுதிக்கு 7 நிமிடம், ஆ பகுதிக்கு 14, இ பகுதிக்கு 7. மொத்தம் அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு.

நான் தவறிய தாளில் அ பகுதிக்கே ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். தெரிந்த விடயம், கை நிற்கவில்லை. 4 புள்ளிக்கு 4 தான் தருவார்கள். அப்படி விழுங்கிய நேரம் பெரும்பாலும் கலந்துரையாடலின் கடைசிப் பந்தியைத்தான் தின்றுவிடும், அதாவது சாய்வை. நேரம் போதாது என்று தெரிந்தால், சார்பான இரண்டாவது கருத்தை விட்டுவிட்டு மோதலையும் சாய்வையும் எழுதுங்கள்.

கலந்துரையாடலின் 14 நிமிடத்தில் முதல் 2 நிமிடம் எழுதவேண்டாம். சார்பு ஒரு சொல், எதிர் ஒரு சொல், சாய்வு ஒரு சொல் என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கே முடிக்கப் போகிறோம் என்று தெரியாமல் தொடங்கினால் நடுவில் கட்சி மாறிவிடுவோம். எனக்கு அது நடந்திருக்கிறது.

## 7. வீட்டில் பழகும் முறை

ஒரு பழைய கேள்வியை எடுங்கள். அதன் வினைச்சொல்லை வெட்டிவிட்டு மற்ற இரண்டையும் மாறி மாறிப் போடுங்கள். நம் கேள்வியையே எடுத்தால், "பங்குடைமையாகவே தொடரும் தீர்மானத்தை நியாயப்படுத்துக" என்று மாற்றி 4 புள்ளிக்கு எழுதிப் பாருங்கள். அதே கதை, அதே தகவல். ஆனால் வங்கி உத்தரவாதமும் கடதாசிச் செலவும் இப்போது முன்னுக்கு வரும்; உறவினரின் 50 இலட்சம் நீங்கள் ஒரு வரியில் மூட வேண்டிய எதிர்ப்பாகிவிடும். அதை முதலீடாக எடுக்காமல் கடனாக எடுக்கலாம் என்று சொல்லி மூடலாம்.

எழுதி முடிந்ததும் மாதிரி விடையோடு ஒப்பிடும்போது, கருத்து ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்க்காதீர்கள். அவர்கள் எத்தனை பந்தி எழுதியிருக்கிறார்கள், கதையின் தகவல் எத்தனை இடத்தில் வருகிறது, முடிவு எந்த வரியில் இருக்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். உங்கள் விடையிலும் அதையே குறியுங்கள். ஆனால் மாதிரி விடை திருத்துபவருக்காக எல்லாக் கருத்தையும் அடக்கி நீளமாக எழுதப்பட்டிருக்கலாம். 14 நிமிடத்தில் அவ்வளவு எழுத முடியாது, நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வாரத்துக்கு இரண்டு கேள்வி, அதை வேறொருவருக்கு வாசிக்கக் கொடுத்தல். நான் கொடுத்தது பக்கத்து றூம் அக்காவிடம். கேள்வியைக் காட்டாமல் விடையை மட்டும் கொடுப்பேன். வாசித்துவிட்டு, கேட்ட வினைச்சொல் எதுவென்று அவர் சொல்ல வேண்டும். முதல் மாதம் முழுக்க எதைக் கொடுத்தாலும் "விளக்குக" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.